வீட்டில் எட்டாவது நிமிடத்தில் 60 எஃப்பிஎஸ் 38 ஆகிறது, ஆபீஸில் ஆகவில்லை: ஏன், எப்படிச் சமாளிப்பது?

மொட்டைமாடி | மே 6, இரவு 11:12

நேராகக் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து யூனிட்டியில் ஒரு ஆட்டோ ரேஸ் கேம் செய்கிறோம். சோதனைப் போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, 120 ஹெர்ட்ஸ் திரை, கேமை 60க்குக் கட்டி வைத்திருக்கிறோம். பெருங்குடியில் ஏசி அறையில் அரை மணி நேரம் ஓட்டினாலும் 60 அசையாமல் நிற்கிறது. அதே போன், அதே பில்ட், பெரம்பூரில் என் வீட்டில் (மொட்டை மாடிக்கு நேர் கீழே, கத்திரி வேறு) எட்டு நிமிடத்தில் 38க்கு வந்துவிடுகிறது.

மெமரி லீக் இல்லை. ப்ரொஃபைலரில் புதிதாக ஒரு வேலையும் சேரவில்லை. பிசிக்ஸ், அனிமேஷன், ரெண்டரிங் எல்லாமே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மெதுவாகின்றன. அதனால் இது கோட் பிரச்சினை இல்லை, போன் சூடாகிக் கடிகார வேகத்தைக் குறைக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

டைனமிக் ரெசல்யூஷன் ஏற்கெனவே இருக்கிறது. பிரேம் 16.6 மில்லிசெகண்டைத் தாண்டினால் ரெண்டர் ஸ்கேலைக் குறைக்கும், நேரம் மிச்சமிருந்தால் ஏற்றும். சூடான பிறகு அது படுத்தும் பாடு இருக்கிறதே, படம் மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. விளையாடிப் பார்த்த மச்சான் "கண்ணாடி மாத்தணுமா எனக்கு" என்று கேட்டான். இதைச் சூட்டோடு சேர்த்து எப்படி வடிவமைப்பது?

கார்த்தி_600011 | மே 6, இரவு 11:40

ப்ரோ, நானும் பெரம்பூர்தான். இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 10லிருந்து தெர்மல் ஸ்டேட்டஸ் தருகிறது. MODERATE வந்ததும் தரத்தை ஒரு படி இறக்கு, SEVERE வந்தால் இன்னொரு படி, NONE ஆனதும் பழையபடி ஏற்று. ஜிபியு டைமையும் பார்த்துக்கொள். 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் போன் சும்மா இருக்கிறது, சூடாகாது.

பீச்_டு_தாம்பரம் | மே 7, காலை 8:55

எனக்கும் இதே கதைதான். ரயிலில் ஷூட்டிங் கேம் ஆடினால் கிண்டி தாண்டியதும் இழுக்கிறது, எதிரி டெலிபோர்ட் ஆகிறான். சிம் மாற்றிப் பார்த்தீர்களா?

மொட்டைமாடி | மே 7, காலை 9:20

@பீச்_டு_தாம்பரம் உங்களுடையது நெட் தாமதம். எங்கள் கேமுக்கு நெட்டே வேண்டாம். எதிரி தாவுகிறான், ஆனால் உங்கள் கேமரா சீராகத் திரும்புகிறது என்றால் நெட். கேமரா திரும்புவதே வெட்டி வெட்டி வந்தால்தான் நான் சொல்வது.

@கார்த்தி ஸ்டேட்டஸ் எனக்கு உதவவில்லை. MODERATE என்று செய்தி வரும்போது பிரேம் ரேட் ஏற்கெனவே 50க்குக் கீழே. ஊர் அடங்கிய பிறகு தண்டோரா போடுகிற மாதிரி.

ஷேடர்அக்கா | மே 7, மதியம் 1:05

மொட்டைமாடி, முதலில் உங்கள் இரண்டு அறைக்கும் என்ன வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

போனில் விசிறி கிடையாது. உள்ளே செலவாகும் வாட் எல்லாம் உடம்பு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 240 சதுர சென்டிமீட்டர். அசையாத காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 வாட் வெளியேறும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் உங்கள் போனுக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.24 வாட். தோராயம்தான். பின்பக்கம் முழுக்க ஒரே சூட்டில் இருக்காது, கை பிடிக்கும் இடம் தனிக் கணக்கு.

போனின் மேற்பரப்பு 43 டிகிரி வந்ததும் கடிகாரத்தைப் பிடித்து இழுக்கிறது என்று கொள்வோம், பல போன்கள் அந்தப் பக்கத்தில்தான். 25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 18, அதாவது 4.3 வாட் வெளியே போகும். உங்கள் வீடு 35 என்றால் வித்தியாசம் 8 டிகிரி, 1.9 வாட். அறை பத்து டிகிரி ஏறியதற்குச் செலவழிக்க அனுமதி பாதிக்கும் கீழே போய்விட்டது. கேம் நிலையாக 4 வாட் இழுக்கிறது என்றால் ஆபீஸில் போன் 42க்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும், எல்லையைத் தொடாது. வீட்டில் தொடாமல் இருக்க வழியே இல்லை.

ஏன் எட்டு நிமிடம் என்பதும் இதிலேயே இருக்கிறது. 200 கிராம் போனை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 170 ஜூல் வேண்டும். 36லிருந்து 43க்கு 7 டிகிரி, சுமார் 1200 ஜூல். ஆரம்பத்தில் உள்ளே தங்குவது 4 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே, கடைசியில் 2 வாட், சராசரி 3க்குச் சற்றுக் கீழே. வகுத்தால் 400 செகண்டுக்கு மேல், ஏழு நிமிடம் வருகிறது. உங்கள் எட்டு நிமிடம் அதற்குப் பக்கத்தில்தான். அதனால்தான் இரண்டு நிமிட பெஞ்ச்மார்க் நம்பர் இந்த விஷயத்தில் ஒன்றுமே சொல்லாது, அது போனின் எடையைத்தான் அளக்கிறது.

ஒரு சந்தேகம். வீட்டில் அளக்கும்போது யூஎஸ்பி கேபிள் குத்தியிருந்ததா?

தயிர்சாதம் | மே 7, மதியம் 1:30

இதில் ஈரப்பதத்தை யாரும் பேசவில்லையே. சென்னையில் பிரச்சினையே அதுதான். மதுரையில் 40 டிகிரியில் கூடப் போன் இவ்வளவு கொதிக்காது. புழுக்கம்தான் காரணம்.

ஷேடர்அக்கா | மே 7, மதியம் 1:42

புழுக்கம் நமக்குத்தான். வியர்வை காயாததால் நமக்குக் கொதிக்கிறது. போனுக்கு வியர்க்காது. ஈரக் காற்றும் உலர்ந்த காற்றும் போனிடமிருந்து வாங்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். காற்று அசைகிறதா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

தயிர்சாதம் | மே 7, மதியம் 1:44

சரி. ஆனால் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

மொட்டைமாடி | மே 8, இரவு 10:30

கேபிள் இருந்தது அக்கா. சார்ஜ் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆபீஸிலும் அப்படித்தான், ஆகவே ஒப்பீடு கெட்டுப்போகவில்லை, ஆனால் இரண்டு அறையிலும் நம்பர் உண்மையைவிட மோசமாகக் காட்டியிருக்கும். இன்று வயர்லெஸ் டீபகிங்கில் போட்டு, கேபிளை எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டினேன். மேலுறையும் கழற்றினேன்.

கேபிள் இல்லாமல் வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது. சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்து நேர் கீழே உட்கார்ந்தால் இன்னும் நீள்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டுக் கட்டிலில் போர்வை மேல் வைத்து ஆடினால் பழைய எட்டு நிமிடத்துக்கே வந்துவிடுகிறது. இத்தனைக்கும் அறை வெப்பமானியில் மூன்று முறையும் 35தான். ஆக "சோதனை எங்கே செய்தீர்கள்" என்று கேட்டால் வெப்பநிலை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஃபேன் ஓடியதா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். எங்கள் சோதனைத் தாளில் இப்போது அப்படி ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.

பார்க்க இதுதான் கட்டளை:

```
adb shell dumpsys thermalservice
```

எந்த சென்சார் எத்தனை டிகிரி, எந்த எல்லை எங்கே என்று கொட்டும். இந்தப் போனில் SKIN சென்சாரின் SEVERE எல்லை 45. கடிகாரத்தை இழுக்க ஆரம்பிப்பது அதற்கு முன்பே, 43 பக்கத்தில் (பெர்ஃபெட்டோ ட்ரேஸில் சிபியு கடிகாரத்தைப் பார்த்தேன், உச்சியில் ஒரு மூடி போட்ட மாதிரி வெட்டுப்படுகிறது). அக்கா சொன்ன நம்பரேதான்.

அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று. ரேஸைவிட அதிக மின்சாரம் இழுப்பது எங்கள் ஷெட் திரை! ரேஸ்களுக்கு நடுவே ஆட்டோவுக்குப் பெயின்ட், ஸ்டிக்கர் மாற்றும் இடம். ஆட்டோ மெதுவாகச் சுற்றும், ரியல்டைம் ரிஃப்ளெக்‌ஷன், மெனு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று யாரோ அங்கே மட்டும் 120 வைத்திருக்கிறார்கள். அதாவது போன் ஆறிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடைவெளியில் அதை இன்னும் காய்ச்சிக்கொண்டிருந்தோம். ரிஃப்ளெக்‌ஷனை பேக் செய்து, `Application.targetFrameRate` ஐ அங்கே 30 ஆக்கிவிட்டேன். ஆட்டோ சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் 30 என்றே தெரியவில்லை.

கார்த்தி_600011 | மே 8, இரவு 10:52

ஷெட் சூப்பர். ஆனால் ரேஸில் ஜிபியு டைம் எவ்வளவு? 10க்குக் கீழே இருந்தால் ஜிபியு காரணமே இல்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.

ஷேடர்அக்கா | மே 9, காலை 7:15

கார்த்தி, இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள், மொட்டைமாடியின் மங்கல்-தெளிவு ஆட்டத்துக்கும் பதில் இதுதான்.

ஜிபியு டைம் என்பது வேலையின் அளவு இல்லை. வேலையைக் கடிகார வேகத்தால் வகுத்தது. அந்த வேகம் நிலையானது இல்லை. பிரேமுக்கு 16.6 இருக்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது என்றால் போனே கடிகாரத்தைக் குறைத்து, "இவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரியாக முடிந்துவிடும்" என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அதனால் குளிர்ந்த போனில் பாதி வேகத்தில் ஓடி 13 மில்லிசெகண்ட் காட்டும் காட்சி உண்மையில் லேசானது. உச்ச வேகத்தில் ஓடி 10 காட்டும் காட்சி போனைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கலாம். வோல்டேஜும் வேகத்தோடு ஏறும், மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். கடைசிக் கொஞ்ச வேகம்தான் மிக அதிக விலை. அதனால் மில்லிசெகண்டைத் தனியாகப் பார்த்து சூடாகும், ஆகாது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் மெகாஹெர்ட்ஸும் வேண்டும்.

இப்போது உங்கள் டைனமிக் ரெசல்யூஷனைப் பாருங்கள். அது பிரேம் நேரத்தை மட்டும் பார்க்கிறது. போன் 43 வரும் வரை பிரேம் நேரம் அழகாக இருக்கும், ஆகவே அது ஒன்றும் செய்யாது. 43 வந்ததும் கடிகாரம் விழும், அது அலறிக்கொண்டு ஸ்கேலைக் குறைக்கும். சூடு குறையும், போன் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும், இது "ஆஹா, நேரம் மிச்சம்" என்று ஸ்கேலை ஏற்றும். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே திருகைத் திருப்புகிறார்கள்.

டைனமிக் ரெசல்யூஷனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு திருப்பத்தில் பத்து ஆட்டோ சேர்ந்து வந்து ஒரு செகண்ட் கனமானால் அதைச் சமாளிக்க அது சரி. ஆனால் மேல் எல்லையை அது தீர்மானிக்கக் கூடாது. மேல் எல்லையைச் சூட்டைப் பார்க்கும் இன்னொரு கை, நிமிடக் கணக்கில் நிதானமாக முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஸ்டேட்டஸ் வேண்டாம், ஆண்ட்ராய்டு 11ல் வந்த `getThermalHeadroom` இருக்கிறது. இத்தனை செகண்ட் கழித்து நிலைமை எப்படி இருக்கும் என்று கேட்கலாம், 60 செகண்ட் வரை. 1.0 என்றால் SEVERE.

கார்த்தி_600011 | மே 9, இரவு 9:10

அக்கா சொன்னதை வைத்து எழுதிவிட்டேன். பத்து செகண்டுக்கு ஒரு தடவை ஓடும்.

```csharp
float h = Headroom(10);
if (h > 0.85f) StepDown();
else if (h < 0.65f) StepUp();
```

எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் வேண்டாம், டீ போதும்.

மொட்டைமாடி | மே 10, இரவு 12:25

டீ உண்டு கார்த்தி. ஆனால் இதை அப்படியே போட்டுப் பார்த்தேன், இரண்டு விதமாக மாட்டிக்கொள்கிறது.

முதலாவது, 0.85 தாண்டியதும் ஒரு படி இறக்குகிறது. பத்து செகண்ட் கழித்துப் பார்க்கிறது, சூடு அப்படியே இருக்கிறது (இருக்காதா பின்னே, 200 கிராம் சூட்டை பத்து செகண்டில் யார் ஆற்றுவது), இன்னொரு படி இறக்குகிறது. அரை நிமிடத்தில் கேம் தரை மட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு படி போதுமா என்று தெரிந்துகொள்ள அவகாசமே தரவில்லை.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். கீழே போனது மேலே வரவே இல்லை. ஆண்ட்ராய்டின் மூலக் குறியீட்டைத் தேடிப் பார்த்தேன். SEVERE எல்லைக்கு 30 டிகிரி கீழே இருந்தால் 0, எல்லையில் 1, நடுவில் நேர்கோடு. என் போனில் எல்லை 45, ஆகவே 15 டிகிரி என்றால் 0. கார்த்தியின் 0.65 எத்தனை டிகிரி? 34.5. என் அறையே 35! போனை அணைத்து மேஜையில் வைத்தால்கூட அந்த நம்பருக்குக் கீழே வராது. ஏசி அறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் எல்லா நம்பரிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

கார்த்தி_600011 | மே 10, காலை 8:02

நான் எழுதியது ஏசி அறையில் இல்லை ப்ரோ, மெட்ரோவில்.

மொட்டைமாடி | மே 10, காலை 8:10

அதுவும் ஏசிதானே ஐயா.

ஷேடர்அக்கா | மே 10, காலை 11:30

0.1க்கு 3 டிகிரி என்பது நல்ல அளவுகோல், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போன் தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியும் என்பதால் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இறக்க 0.90 (உங்கள் போனில் 42 டிகிரி, கடிகாரம் வெட்டுப்பட ஒரு டிகிரி முன்னால்). ஏற்ற 0.80 (39 டிகிரி). ஒரு படி இறக்கினால் அடுத்த 40 செகண்டுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், 0.97 தாண்டினால் தவிர. ஏற்றுவதற்கு 0.80க்குக் கீழே தொடர்ந்து ஒன்றரை நிமிடம் இருக்க வேண்டும், அதுவும் ரேஸ் நடுவே கூடாது, ஷெட் திரையில் மட்டும். இறங்குவது தெரிந்தால் மன்னிப்பார்கள், நடுவில் ஏறி ஏறி இறங்கினால் கேமை அழித்துவிடுவார்கள்.

பத்து செகண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். செகண்டுக்குப் பல முறை கேட்டால் NaN வரும். NaN எந்த ஒப்பீட்டிலும் பொய் என்றே விழும், கார்த்தியின் கோடில் சத்தமில்லாமல் ஒன்றுமே நடக்காது.

மொட்டைமாடி | மே 12, இரவு 11:48

படிகளைப் பற்றி. எதை முதலில் வெட்டுவது என்பதில் என் எண்ணம் இரண்டு நாளில் தலைகீழாகிவிட்டது.

முதலில் ரெண்டர் ஸ்கேலைத்தான் நம்பினேன். 1.0லிருந்து 0.85 ஆக்கினால் பிக்ஸல் 72 சதவீதம் ஆகிறது, ஜிபியு செலவும் அப்படியே குறையும் என்று. சூடு குறைந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. காரணம் எங்கள் கேமில் சிபியுவும் நிறையத் தின்கிறது. அண்ணா சாலையில் நாற்பது வண்டி, ஒவ்வொன்றுக்கும் பிசிக்ஸ், ஏஐ. ரெசல்யூஷனைக் குறைத்தால் அந்த நாற்பது வண்டியும் குறைவதில்லை.

ப்ளூமை அணைத்தது எதிர்பார்த்ததைவிட நல்ல பலன். அக்கா முன்பு ஒருமுறை சொன்ன கணக்கு: 1080×2400 திரையை ஒரு தடவை மெமரியில் எழுதினால் 10 எம்பிக்கு மேல், 60 பிரேமுக்கு 0.6 ஜிபி, திரும்பப் படித்தால் இன்னொரு 0.6. மெமரியில் ஒரு ஜிபி/செகண்டுக்கு ஏறக்குறைய 0.1 வாட் என்றால் முழுத்திரைப் போக்குவரத்து ஒன்றுக்கு 0.12 வாட். ஹெச்டிஆர் என்றால் இரட்டிப்பு. மொத்தக் கையிருப்பே 1.9 வாட் இருக்கும் வீட்டில் இது சில்லறை இல்லை. ப்ளூம் போனதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை, பகல் ரேஸில்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது பிரேம் ரேட்தான். அது ஒன்றுதான் சிபியு, ஜிபியு, மெமரி மூன்றையும் சேர்த்து இறக்குகிறது, கடிகாரம் இறங்குவதால் வோல்டேஜும் இறங்குகிறது. 60லிருந்து நேராக 30 என்றால் வலிக்கும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 வைக்கலாம், மூன்று திரைத் துடிப்புக்கு ஒரு பிரேம், 25 மில்லிசெகண்ட். 16.7க்கும் 33.3க்கும் சரியாக நடுவில். கையில் பிடித்துப் பார்த்தால் 60க்குக் கிட்ட இருக்கிறது, இரண்டு பேர் மட்டும் வித்தியாசம் சொன்னார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் இது நடக்காது, ஒரு பிரேம் ஒரு துடிப்பு, அடுத்தது இரண்டு என்று நொண்டும். அங்கே 30தான். 90 ஹெர்ட்ஸ் திரையில் 45.

ஆக இப்போது எங்கள் வரிசை: முதலில் ப்ளூமும் நிழலும், அப்புறம் 40, அப்புறம் ஸ்கேல் 0.85, கடைசியில் 30. வீட்டில் ஃபேன் ஓடினால் 40லேயே நிற்கிறது, எத்தனை ரேஸ் ஓடினாலும். ஃபேன் இல்லாமல் 30 வரை போய்விடுகிறது. அதற்கு மேல் அங்கே பிழிய ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். வண்டி எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் அண்ணா சாலையில் வண்டி இல்லையென்றால் அது அண்ணா சாலையா?

பீச்_டு_தாம்பரம் | மே 13, மாலை 6:40

நீங்கள் சொன்னபடி பார்த்தேன், எனக்குக் கேமராவே வெட்டுகிறது. அதாவது சூடுதான். ரிச்சி தெருவில் பின்னால் மாட்டும் கூலர் வாங்கிவிட்டேன், ஐஸ் மாதிரி ஆகும் வகை. ரயிலில் அருமை. ஆனால் கழற்றும்போது போன் முதுகெல்லாம் தண்ணீர். ஓட்டையா?

தயிர்சாதம் | மே 13, மாலை 6:46

ஹா! ஈரப்பதம்! நான் சொன்னேனா இல்லையா!

ஷேடர்அக்கா | மே 13, மாலை 7:20

இந்த இடத்தில் தயிர்சாதம் ஜெயித்தார், ஒத்துக்கொள்கிறேன். மே மாதச் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரி பக்கத்தில் இருக்கும். அந்தக் கூலரின் தகடு அதற்குக் கீழே போனால் காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் இறங்கும். ஓட்டை இல்லை, ஆனால் சார்ஜ் துளைப் பக்கம் வழியாமல் பாருங்கள். வெறும் விசிறி வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. காற்று அசைந்தாலே வெளியேறும் சூடு ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். ஜன்னல் சீட்டு கிடைத்தால் அதுவும் இல்லாமலே ஓடும்.

பீச்_டு_தாம்பரம் | மே 13, மாலை 7:22

ஆபீஸ் நேரத்தில் ஜன்னல் சீட்டா? கூலரே மலிவு.

ஷேடர்அக்கா | மே 14, காலை 10:05

மொட்டைமாடி, உங்கள் வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஏன் உச்சியில் ஆரம்பித்துக் கீழே வருகிறீர்கள்? கேம் திறக்கும்போதே ஹெட்ரூம் 0.67 என்று வந்தால் அறை 35 என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவது நிமிடத்தில் 40தான் நிற்கும் என்றும் தெரியும். பின் எதற்கு முதல் எட்டு நிமிடம் 60 காட்டி ஆசை வளர்க்க வேண்டும்? 40ல் ஆரம்பித்து 40லேயே இருந்தால் யாருக்கும் எதுவும் விழுந்த மாதிரி இருக்காது. சூடும் மெதுவாகத்தான் ஏறும்.

மொட்டைமாடி | மே 14, இரவு 10:50

இதை இன்று முழுக்க யோசித்தேன். கணக்குப்படி நீங்கள் சரி. ஆனால் எங்கள் ரேஸ் ஒன்று மூன்று நிமிடம். பெரும்பாலானோர் ஒன்றோ இரண்டோ ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், பேருந்து வரும் வரை. அவர்கள் எட்டாவது நிமிடத்தைப் பார்க்கவே மாட்டார்கள். போனின் அந்த 1200 ஜூல் இலவசக் கையிருப்பு, அவர்களுக்கு அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வானேன்? இன்னொன்று, 0.67 என்பது அறை 35 என்பதாலா, இல்லை இப்போதுதான் வேறொரு கேம் ஆடிவிட்டு வந்தாரா, பையில் வெயிலில் இருந்ததா? ஆரம்ப நம்பரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கார்த்தி "செட்டிங்ஸில் விட்டுவிடு, அவரவர் பாடு" என்று தனிச்செய்தியில் சொல்கிறார். "சீரான ஓட்டம் / உச்சத் தரம்" என்று ஒரு பொத்தான் வைக்கலாம்தான். எத்தனை பேர் செட்டிங்ஸைத் திறப்பார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இப்போதைக்கு முதல் ரேஸ் எப்போதும் 60, இரண்டாவது ரேஸ் தொடங்கும்போது ஷெட் திரையில் ஹெட்ரூம் பார்த்து முடிவு, ரேஸ் நடுவே 0.97 தாண்டினால் மட்டும் இறக்கம்.

ஷேடர்அக்கா | மே 14, இரவு 11:15

முதல் ரேஸிலேயே நடுவில் இறங்க வேண்டி வந்தால் எனக்குச் சொல்லுங்கள். மேலுறையோடு, சார்ஜ் போட்டுக்கொண்டு, வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கார்த்தி_600011 | மே 16, இரவு 9:33

என் பழைய போனில் ஹெட்ரூம் எப்போதும் NaN. பத்து செகண்டுக்கு ஒரு தடவைதான் கேட்கிறேன், சத்தியமாக. என்ன செய்வது?

மொட்டைமாடி | மே 16, இரவு 10:20

அந்தப் போனின் தயாரிப்பாளர் அதைக் கொடுக்கவில்லை, எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே பேட்டரி வெப்பநிலையைப் பார்க்கிறோம். `ACTION_BATTERY_CHANGED` இல் `EXTRA_TEMPERATURE`, பத்தால் வகுக்க வேண்டும், 412 என்றால் 41.2. மேற்பரப்பைவிட மெதுவாக நகரும், அதனால் எல்லையைக் கொஞ்சம் தாழ்த்தி 40ல் வைத்திருக்கிறோம். கூடவே தெர்மல் ஸ்டேட்டஸையும் கேட்கிறோம். ஆம் கார்த்தி, உங்கள் முதல் பதிலில் இருந்ததுதான், LIGHT வந்தாலே ஒரு படி.

சோதிக்க வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம்:

```
adb shell cmd thermalservice override-status 3
adb shell cmd thermalservice reset
```

3 என்றால் SEVERE. நிலையை மட்டும்தான் பொய்யாகக் காட்டும், கடிகாரம் குறையாது, பிரேம் ரேட்டும் விழாது. படி இறங்கும் கோட் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படும். முடித்ததும் reset போட மறந்தால் நாள் முழுக்கக் கேம் 30ல் ஓடும், அப்புறம் இங்கே வந்து இன்னொரு இழை தொடங்குவீர்கள்.

கார்த்தி_600011 | மே 16, இரவு 10:24

reset போட்டேன். இப்போது டீ யார் வாங்கித் தருவது?